முதலில் போனவருக்குக் கொடுத்த வாக்கு

உயில் எழுதியவர் தன் உயிர் இருக்கும்வரை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்துப் போடலாம், புதிதாக எழுதலாம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 62ஆவது பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதும் கூட்டு உயிலுக்கும் இதே விதிதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இருவரும் உயிரோடு இருக்கும்வரை அந்த நினைப்பில் தவறில்லை. ஒருவர் காலமாகிவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. உயிரோடு இருப்பவர் அந்த உயிலின்படி மற்றவரின் சொத்தைப் பெற்றுக்கொண்டபின், மாற்றி எழுதும் உரிமை அவருக்கு இல்லாமல் போகலாம். போய்விட்டதா இல்லையா என்பதை உயிலின் தலைப்போ, பதிவு முத்திரையோ தீர்மானிப்பதில்லை. அந்த இருவருக்கும் இடையே இருந்த உடன்பாடுதான் தீர்மானிக்கிறது. அந்த உடன்பாடு என்ன என்பதைத்தான் நம் ஊர்க் கூட்டு உயில்கள் எழுதாமல் விட்டுவிடுகின்றன. அதன் விலையைப் பெரும்பாலும் கணவனை இழந்த பெண்களே கொடுக்கிறார்கள் என்பது என் கருத்து.

கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எழுமலைப் பக்கம் ஒரு தம்பதி. கணவர் பெயரில் ஊருக்குள் ஒரு வீடு, கிணறும் கரண்ட் சர்வீசும் உள்ள இரண்டு ஏக்கர் தோட்டம். இரண்டுமே அவர் சம்பாதித்து வாங்கியவை. மனைவி பெயரில், நகையை விற்று வாங்கிய ஓர் ஏக்கர் புஞ்சை. இரண்டு மகன்கள், ஒரு மகள். இருவரும் சேர்ந்து ஒரே பத்திரத்தில் உயில் எழுதுகிறார்கள். எங்களில் ஒருவர் காலமானபின் உயிருடன் இருப்பவர் சகல சொத்துகளையும் தானாதி விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்ச் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று ஒரு பத்தி. எங்கள் இருவர் காலத்துக்குப் பிறகு வீடு மூத்தவனுக்கு, தோட்டம் இளையவனுக்கு, புஞ்சை மகளுக்கு என்று அடுத்த பத்தி. இரண்டு சாட்சிகள், கையெழுத்து, ரேகை, பதிவு, எல்லாம் முறைப்படி முடிகின்றன. சில ஆண்டுகளில் கணவர் காலமாகிறார். பட்டா அம்மா பெயருக்கு மாறுகிறது, வங்கியில் இருந்த தொகையும் அவர் கைக்கு வருகிறது. இளைய மகன் திருப்பூருக்குப் போனவன், எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மகள்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துப் பார்க்கிறாள். தோட்டத்தையும் மகளுக்கே எழுதிவைக்க அம்மா விரும்புகிறார். எழுதலாமா?

சார்பதிவாளர் அலுவலகம் அவரைத் தடுக்காது. உயில் ரத்துப் பத்திரமும் புதிய உயிலும் பதிவாகிவிடும். ஒரு உயிலைப் பதிவு செய்ததால் அது செல்லும் என்றோ, முந்தையது செல்லாது என்றோ ஆகிவிடாது. அம்மாவின் காலத்துக்குப் பிறகு இளைய மகன் பழைய கூட்டு உயிலை எடுத்துக்கொண்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போவான். அப்போது நீதிமன்றம் முதலில் மூன்று விஷயங்களைப் பார்க்கும். ஒருவர் போனபின் மற்றவர் மாற்றக்கூடாது என்ற உடன்பாடு இருவருக்கும் இருந்ததா? முதலில் இறந்தவர் கடைசிவரை அந்த உயிலை மாற்றாமலே இறந்தாரா? உயிரோடு இருந்தவர் அந்த உயிலால் பலன் அடைந்தாரா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால், அம்மா எழுதிய புதிய உயில் உயில் என்ற அளவில் செல்லுபடியானாலும், அதன் வழியாகச் சொத்தைப் பெறும் மகள் அதைப் பழைய ஏற்பாட்டின்படி இளையவனுக்காகவே வைத்திருப்பவளாகக் கருதப்படுவாள். 62ஆவது பிரிவை இது மீறுவதாகத் தோன்றலாம். மீறவில்லை. உயிலை ரத்து செய்யும் உரிமையைச் சட்டம் தொடவே இல்லை. உன் வாக்கை நம்பித் தன் சொத்தை உன்னிடம் விட்டுப் போனவரை ஏமாற்ற முடியாது என்று மட்டுமே அது சொல்கிறது.

இந்தக் கோட்பாடு பழையது. 1769இல் இங்கிலாந்தில் டூஃபோர் எதிர் பெரேரா என்ற வழக்கில் காம்டன் பிரபு இதை வகுத்தார். அங்கேயும் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிய ஒரே உயில்தான். கணவர் முதலில் இறந்தார். மனைவி ஆண்டுக்கணக்காக அதன் பலனை அனுபவித்துவிட்டு, பிறகு வேறு உயில் எழுதிவைத்தார். முதலில் இறந்தவர் தன் பங்கை நிறைவேற்றிவிட்டார், மிஞ்சியவர் பலனையும் வைத்துக்கொண்டு பேச்சையும் மாற்ற முடியாது என்று தீர்ப்பாயிற்று. இந்திய நீதிமன்றங்கள் அந்த வழியில்தான் நடந்திருக்கின்றன. நமக்கு நெருக்கமான தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்துடையது. குப்புசாமி ராஜா எதிர் பெருமாள் ராஜா, 1964ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியானது. உயில் எழுதியவர்கள் அண்ணன் தம்பிகள். ஆனால் அதில் சொல்லப்பட்ட சட்டம் தம்பதிகளுக்கும் அப்படியே பொருந்தும். இருவர் ஒரே பத்திரத்தில், எங்கள் சொத்து, எங்கள் விருப்பம், எங்கள் உயில் என்று எழுதியிருந்தால், இருவரும் சம்மதித்தால் ஒழிய ரத்து செய்வதில்லை என்ற எண்ணத்துக்கு அந்தச் சொற்களே வலுவான சான்று. ரத்து செய்யக்கூடாது என்று தனியாக ஒப்பந்தம் எழுத வேண்டியதில்லை. பலன் பெற்றபின் மிஞ்சியவர் மாற்ற முடியாது என்றது நீதிமன்றம். 1986இல் எஸ்டேட் டியூட்டி எனப்படும் மரணச் சொத்துவரி தொடர்பான பாச்செச் வழக்கில் உச்ச நீதிமன்றமும் பரஸ்பர உயில்பற்றி இதே சட்டத்தைப் பேசியது.

ஆக, நம் கற்பனைத் தம்பதியின் உயிலில் ‘எங்கள்’ என்ற ஒரு சொல் போதும், அம்மாவின் கையைக் கட்டிவிட. அந்தச் சொல்லை எழுதும்போது அவருக்கு இது தெரிந்திருக்குமா? பத்திரம் எழுதியவருக்குத் தெரிந்திருக்குமா? சேர்ந்து எழுதும் எவரும் ‘எங்கள்’ என்றுதான் எழுதுவார்கள். வேறு எப்படி எழுத முடியும்? சென்னைத் தீர்ப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. எதிரில் வேறு சான்று எதுவும் இல்லாதபோது நீதிமன்றம் சொற்களைத்தான் பார்த்தாக வேண்டும். ஆனால் யோசித்துச் செய்த உடன்பாட்டையும் இலக்கண வழக்கையும் பிரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு உயில் எழுதுகிறவர்களுடையது. அதை நாம் செய்வதில்லை.

இதற்கு நேர் எதிரான பக்கமும் உண்டு. மேலே சொன்ன உயிலின் முதல் பத்தியை மறுபடி பாருங்கள். விற்கவும் தானம் கொடுக்கவும் உரிமையோடு சர்வ சுதந்திர பாத்தியமாய் என்று அது சொல்கிறது. ஒருவருக்கு முழு உரிமையையும் கொடுத்துவிட்டு, அவருக்குப்பின் மிச்சம் இன்னாருக்கு என்று எழுதினால், முழு உரிமையே நிற்கும், பின்னால் எழுதியது செல்லாது என்று 2002இல் மவுலேஷ்வர் மணி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வாரிசுரிமைச் சட்டத்தின் 88ஆவது பிரிவோ, உயிலில் ஒன்றோடொன்று ஒத்துவராத இரண்டு வாசகங்கள் இருந்தால் கடைசியில் இருப்பதே நிற்கும் என்கிறது. மகளின் வழக்கறிஞர் முதல் பத்தியைப் படிப்பார், இளைய மகனின் வழக்கறிஞர் இரண்டாம் பத்தியைப் படிப்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். உயிலை முழுமையாகப் படித்து எழுதியவரின் எண்ணத்தைக் கண்டறிய வேண்டும் என்பது பொது விதி. அப்படிக் கண்டறிந்து முடிப்பதற்குள் முன்சீப் நீதிமன்றம், மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று ஒரு தலைமுறை போய்விடும். பத்திர எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாளும் அந்த அழகான வாசகம் கிரயப் பத்திரத்துக்கு உரியது. கூட்டு உயிலில் அதை ஒட்டவைப்பதுதான் பாதி வழக்குகளுக்கு விதை என்று சொல்லத் தோன்றுகிறது.

தனித்தனியாக இரண்டு உயில் எழுதினால் சிக்கல் தீருமா? கட்டு தளரும், கேள்வி தீராது. ஒரே நாளில் ஒரே மாதிரி வாசகத்தோடு கணவனும் மனைவியும் தனித்தனி உயில் எழுதியிருப்பதால் மட்டும் மாற்றக்கூடாது என்ற ஒப்பந்தம் இருந்ததாகிவிடாது என்று 1928லேயே பிரிவி கவுன்சில் கூறியிருக்கிறது. ஒப்பந்தம் இருந்ததாகச் சொல்பவர் அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் நாட்டின் மிகப் பிரபலமான உயில் வழக்கே சாட்சி. கொல்கத்தா தொழிலதிபர் எம்.பி. பிர்லாவும் அவர் மனைவி பிரியம்வதாவும் 1982 ஜூலை 13இல் பரஸ்பர உயில்கள் எழுதினார்கள். கணவர் 1990இல் காலமானார். 1999 ஏப்ரலில் பிரியம்வதா புதிய உயில் ஒன்றை எழுதி, பிர்லா குடும்பத்தைச் சேராத ஆடிட்டர் ஆர்.எஸ். லோதாவுக்குச் சொத்தை விட்டார். 2004 ஜூலையில் அவர் இறந்தபின் பிரச்சினை வெடித்தது. பழைய ஏற்பாட்டை மீறியது நம்பிக்கை மோசடி என்று குற்ற வழக்கே தொடுக்கப்பட்டது. அது உச்ச நீதிமன்றம்வரை போனது. 2006இல் அந்தக் குற்ற நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பரஸ்பர உயில்கள் இருந்தன என்பதால் மட்டும் அவை மாற்ற முடியாதவை ஆகிவிடாது, அதற்கு உடன்பாடு இருந்ததா என்பது சாட்சியம் வைத்து உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்க்க வேண்டிய கேள்வி என்பதே அதன் சாரம். அந்தச் சொத்தைச் சுற்றிய சச்சரவு லோதாவின் மறைவுக்குப் பிறகும் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொடர்ந்தது. நாட்டின் சிறந்த சட்ட ஆலோசனை கிடைக்கக்கூடிய குடும்பத்துக்கே இந்த நிலை என்றால், இரண்டு ஏக்கர் தோட்டத்துக்கு உயில் எழுதுபவர்களைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டு விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எதன்மேல் விழுகிறது? கணவரிடமிருந்து வந்த வீட்டின்மீதும் தோட்டத்தின்மீதும் விழும், அதில் ஆச்சரியம் இல்லை. அம்மா தன் நகையை விற்று வாங்கிய புஞ்சையின்மீதும் விழும் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். அந்தப் புஞ்சையும் அதே உயிலில் அதே உடன்பாட்டுக்குள் வந்துவிட்டது. கணவரின் சொத்தை ஏற்றுக்கொண்டதன் மூலம் தன் சொத்தைப்பற்றிய வாக்கையும் அவர் உறுதிசெய்துவிட்டார். கணவர் போனபின் அவர் சேமித்து வாங்கும் மனை, கிடைக்கும் இழப்பீடு இவையெல்லாம் கட்டுக்குள் வருமா என்றால், உயிலின் வாசகத்தைப் பொறுத்தது. ‘சகல சொத்துகளும், இனி வரக்கூடியவையும்’ என்று எழுதியிருந்தால் அவையும் உள்ளே போய்விடும்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு அரை ஏக்கரை விற்கலாமா என்பது அடுத்த கேள்வி. 1937இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் நீதிபதி டிக்சன் சொன்ன விளக்கம் இதற்கு நல்ல அளவுகோல். மிஞ்சியவர் தன் காலத்தில் சொத்தைச் சொந்தக்காரராகவே அனுபவிக்கலாம், சாதாரணத் தேவைகளுக்கு விற்கலாம், செலவழிக்கலாம். உடன்பாட்டைக் குலைக்கும் நோக்கில் பெரும் பகுதியைத் தானமாகக் கைமாற்றக்கூடாது. அவர் கண்ணை மூடும்போது எது மிஞ்சுகிறதோ அதன்மேல் கட்டு இறுக்கமாக விழுகிறது. பிள்ளைகள் அம்மாவின் காலத்திலேயே பங்கு கேட்க முடியாது. ஆனால் பெரிய கைமாற்றத்தைத் தடுக்க அவர்கள் வழக்குப் போடலாம். மருத்துவச் செலவு எது, ஏமாற்று எது என்று பிரிக்கும் கோட்டை ஒரு வயதான பெண் நீதிமன்றக் கூண்டில் நின்று விளக்க வேண்டியிருக்கும். உயிலில் ஒரு வரி சேர்த்திருந்தால் இந்த நிலை வராது.

வாங்குபவருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. நிலம் வாங்குவோர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். கிரயம், அடமானம் போன்றவை பதிவாகும் புத்தகம் 1. உயில் பதிவாவது புத்தகம் 3. வில்லங்கச் சான்றில் உயில் தெரியாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகலைப் பதிவுச் சட்டத்தின் 57ஆவது பிரிவுப்படி மற்றவர்களுக்குக் கொடுக்கவும் மாட்டார்கள். உயில் எழுதியவரின் ரகசியத்தைக் காக்க வந்த நல்ல விதி அது. கூட்டு உயிலில் ஒருவர் போய் ஒருவர் இருக்கும்போது அதே விதி, பலன் பெற வேண்டிய பிள்ளைக்கும் வாங்க வருபவருக்கும் சேர்த்துக் கதவை மூடிவிடக்கூடும். எனவே கணவர் இறந்தபின் மனைவி விற்கும் சொத்தை வாங்குபவர், உயில் ஏதும் உண்டா என்று குடும்பத்தாரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. பிள்ளைகள் எல்லோரையும் சாட்சியாகவோ சம்மதம் தருபவர்களாகவோ கையெழுத்துப் போடவைப்பது இன்னும் நல்லது.

இந்துப் பெண்ணைப் பொறுத்தவரை இன்னொரு அடுக்கும் இருக்கிறது. கணவர் தன் சொத்தில் மனைவிக்கு ஆயுள் பாத்தியம் மட்டும் கொடுத்து எழுதினால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14(2)ஆம் பிரிவுப்படி அந்தக் கட்டுப்பாடு நிற்கும் என்பார் ஒருவர். அவருக்கு ஏற்கெனவே இருந்த ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்தது, எனவே 14(1)இன்படி முழு உரிமையாக விரியும் என்று 1977ஆம் ஆண்டின் துளசம்மா தீர்ப்பைக் காட்டுவார் மற்றவர். இரண்டு வகையிலும் தீர்ப்புகள் குவிந்து முரண்பட்டதால், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. ஆயுள் பாத்தியம் என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று யாரும் உறுதி கூற முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி, என் வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகள். மிஞ்சியவரைக் கட்டிப்போடுவதே அநியாயம், இந்தக் கோட்பாட்டையே கைவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். உயிலுக்குப்பின் இருபது ஆண்டு வாழ்கிற பெண், எந்தப் பிள்ளை சோறு போட்டது, எது போடவில்லை என்று பார்த்தபிறகும் பழைய பங்கீட்டில் சிக்கிக் கிடக்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. நம் கற்பனைக் குடும்பத்து அம்மாவுக்கு என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் கோட்பாட்டைக் கைவிட ஒப்பமாட்டேன். மனைவியை இழந்து மறுமணம் செய்தவரை நினைத்துப் பாருங்கள். முதல் தாரத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டாம் மனைவி கடைசிவரை அந்த வீட்டில் இருக்க வேண்டும், அவருக்குப்பின் அது தன் பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்று இருவரும் பேசி எழுதுகிறார்கள். அவர் போனபின் மனைவி வீட்டைத் தன் தம்பி மகனுக்கு எழுதிவிட்டால், அந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் கோட்பாட்டைத் தவிர வேறு துணை இல்லை. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மனைவி தன் தாய் வீட்டுச் சொத்தைக் கணவரிடம் விட்டுப் போய், அவர் மறுமணம் செய்து அதைப் புதுக் குடும்பத்துக்கு எழுதினாலும் அதே அநியாயம்தான். கட்டு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அதனால்தான் அதை நீதிபதி ஊகிக்கும்படி விடாமல், எழுதுபவர்களே சொல்ல வேண்டும் என்கிறேன்.

இதெல்லாம் எழுதினால் கணவன் மனைவிக்குள் சந்தேகம் என்றாகாதா என்பது இரண்டாவது மறுப்பு. உயில் பேச்செடுத்தாலே அபசகுனம் என்று நினைக்கும் வீடுகளில் இதன் கனம் எனக்குத் தெரிகிறது. ஆனால் இருவரும் உட்கார்ந்து பேசாமல் விட்டதை, பிறகு பிள்ளைகள் வக்கீல் வைத்துப் பேசுகிறார்கள். உயிலைவிட இப்போதே செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்துவிட்டால் சச்சரவு இல்லையே என்பாரும் உண்டு. செட்டில்மென்டில் உரிமை அன்றைக்கே கைமாறிவிடும். பிள்ளை மாறினால் திரும்பப் பெறுவது கடினம். பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ஒரு வழி தருகிறது என்றாலும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதாதவர்கள் அந்த வழியில் போய்த் திண்டாடுகிறார்கள். இருவரும் போகும்வரை சொத்து பெற்றோர் கையிலேயே இருக்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது. உயில்தான் அதற்கேற்ற பத்திரம்.

ஆகவே, சேர்ந்து எழுத விரும்பும் தம்பதிக்கு என் யோசனை: முடிந்தால் தனித்தனி உயில் எழுதுங்கள். அவரவர் சொத்தை அவரவர் உயிலில் சொல்லுங்கள். மற்றவருக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை, அதற்குப்பின் யாருக்கு என்று பிரித்து எழுதுங்கள். கூட்டாகத்தான் எழுதுவோம் என்றால், கிரயப் பத்திர வாசகத்தை எடுத்துவிட்டு மூன்று விஷயங்களைப் பச்சைத் தமிழில் சேருங்கள். ஒருவர் காலமானபின் மற்றவர் இந்த உயிலை மாற்றலாமா, கூடாதா? மாற்றலாம் என்றால் தன் சொத்தை மட்டுமா, எல்லாவற்றையுமா? மருத்துவத்துக்கும் பிழைப்புக்கும் எந்தச் சொத்தை யார் சம்மதமும் இல்லாமல் விற்கலாம்? இறந்தவரின் சொத்தைப்பற்றிய ஏற்பாடு நிற்கட்டும், மிஞ்சியவரின் சொந்தச் சொத்து அவர் விருப்பத்துக்கு விடப்படட்டும் என்று எழுதுவதே பெரும்பாலான குடும்பங்களுக்கு நியாயமான நடுவழி. ஏற்கெனவே கூட்டு உயில் எழுதிவைத்திருப்பவர்கள், இருவரும் உயிரோடு இருக்கும்போதே சேர்ந்து போய் ஒரு துணை உயிலால் இதைச் சேர்த்துவிடலாம்.

பதிவுத் துறையிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. கூட்டு உயிலை ஒருவர் மட்டும் வந்து ரத்து செய்தால், இன்னொருவருக்கு அந்தத் தகவல் போக இப்போது ஏற்பாடு இல்லை. தகவல் கிடைத்தால், உயிரோடு இருக்கும் அவர் தன் பங்கையும் மாற்றி எழுதித் தன்னைக் காத்துக்கொள்வார். இருவரின் கைப்பேசி எண்ணும் பதிவேட்டில் இருக்கும்போது, ஒரு குறுஞ்செய்தி அனுப்பத் துறைக்குப் பெரிய செலவு ஆகாது. அதற்கான சுற்றறிக்கையைப் பதிவுத் துறைத் தலைவர் பிறப்பிக்க வேண்டும்.